அனுப்பலாம், இரண்டு முறை

"கீழ இருந்ததைத்தான் அமுக்கினேன். மேல இருந்தது போயிடுச்சு," என்றாள் அண்ணி. அதை அவள் சொல்வது அது மூன்றாவது முறை.

கூடத்தில் அவளுடைய மகள் சின்னவள் சோபாவில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கு வயது. ஒன்றரை மணி நேரம் தேடி, அந்தி சாய்வதற்குள் கிடைத்துவிட்டாள். கடைத்தெருவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ஒரு வேனின் பின் இருக்கையில், பாதி மூடிய கண்ணாடிக்குள், வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தாள். முன் இருக்கையில் ஓட்டுநர் குடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைகளின் காப்பகத்துக்கு முன்பு வேன் ஓட்டியவர். குடிக்கிறார் என்று ஆறு மாதத்துக்கு முன் நிறுத்தப்பட்டவர். புது ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்று முதலாளிக்குத் தெரியாமல் அன்றைக்கு வண்டியை எடுத்து வந்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, போதை மட்டும்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஏதோ ஓர் ஆறுதல் இருந்தது.

"அது எப்படிம்மா, கீழ அமுக்கினா மேல இருக்கறது போகும்?" என்றாள் அம்மா. "லிப்டா அது?"

"எனக்கு எப்படி அத்தை தெரியும். நடந்ததைச் சொல்றேன்."

அண்ணன் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். "ரெண்டே ரெண்டு பட்டன். அனுப்பலாம், வேண்டாம். அதுல ஒண்ணை ஒழுங்கா அமுக்கத் தெரியலைன்னா என்ன சொல்றது?"

பிறகு எல்லோரும் அண்ணனின் தங்கை மணியைப் பார்த்தார்கள்.

மணி என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. அலுவலகத்தில் வைத்தது. ஊரில் இருக்கிறவர்கள் போனையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து மணியடிக்க வைக்கிறவள் என்று யாரோ கேலியாகச் சொல்லப்போய் அது ஒட்டிக்கொண்டது. அண்ணன் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். குழந்தைகள் காப்பகங்களுக்கான ஒரு செயலியை அவளுடைய நிறுவனம் செய்துகொண்டிருந்தது. வழக்கமாக வருகிறவர் அல்லாமல் வேறு யாராவது பிள்ளையை அழைத்துப்போக வந்தால், வாசலில் இருக்கும் ஆயா அவரைப் படமெடுப்பார். அந்தப் படம் ஓர் அறிவிப்பாகப் பெற்றோரின் போனுக்குப் போகும். பிள்ளையின் பெயர், வந்தவரின் முகம், அடியில் இரண்டு பொத்தான்கள். போனைத் திறக்கக்கூட வேண்டாம். வேண்டாதவர் என்றால் ஒன்று, வேண்டியவர் என்றால் மற்றொன்று. கூடுதலாகத் தெரிந்துகொள்ள நினைத்தால் அறிவிப்பின் மேலேயே தட்டலாம். செயலியின் முகப்பெல்லாம் தாண்டி நேராக அந்தப் பிள்ளையின் பக்கமே திறக்கும். இதில் படமும் பொத்தானும் தட்டலும் முழுக்க மணியின் வேலை. பெரியவன், சின்னவள் இருவரையும் அந்தக் காப்பகத்தில் சேர்க்கலாம் என்று அண்ணியிடம் சொன்னவளும் அவள்தான்.

"நீ பார்த்துச் சொல்லேன்," என்றான் அண்ணன். "உங்க ஆபீஸ்ல எல்லாம் பதிவாகும்ல?"

பதிவாகும். மணி மடிக்கணினியை மடியில் வைத்துத் திறந்தாள். காப்பகத்திலிருந்து ஏற்கெனவே ஒரு புகார் வந்து அவள் பெயரில் நின்றது. நேரத்தைப் போட்டுத் தேடினாள். மூன்று நாற்பத்தொன்றுக்குப் பெரியவனின் அறிவிப்பு போயிருந்தது. அழைத்துப்போக வந்தவர் வகுப்புத் தோழனின் அம்மா. மூன்று நாற்பத்திரண்டுக்குச் சின்னவளின் அறிவிப்பு. வந்தவர் அந்த ஓட்டுநர். மூன்று நாற்பத்து நான்கில் அண்ணியின் போனிலிருந்து பதில்: சின்னவள், அனுப்பலாம். சில வினாடிகள் கழித்து மறுபடியும் பதில்: சின்னவள், அனுப்பலாம். பெரியவனுக்குப் பதிலே இல்லை.

அவள் திரையைத் திருப்பி அண்ணனுக்குக் காட்டினாள். "ஒரு தடவை இல்லண்ணா. ரெண்டு தடவை அமுக்கியிருக்காங்க."

குரலை மிருதுவாகத்தான் வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த மிருதுவுக்கு அடியில் இருந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். அண்ணி தவறே செய்யாதவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் பதினோரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். சீட்டைப் படித்து, மாத்திரைப் பட்டையைப் படித்து, மறுபடியும் சீட்டைப் படித்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள். அடுப்பை அணைக்க மறப்பதும் சாவியைத் தொலைப்பதும் எப்போதும் மணிதான். அண்ணி ஒரு வார்த்தை திட்டியதில்லை. சாவியைத் தேடி எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பேசாமை மணியைப் பல வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்குத் திரையைத் திருப்பியபோது உள்ளே எங்கோ ஒரு சின்ன இடம் குளிர்ந்தது. குழந்தை பக்கத்தில் ஈரத்துணியோடு கிடக்கும்போதே குளிர்ந்தது.

"ரெண்டு தடவையா?" என்றாள் அண்ணி. திரையைக் குனிந்து படித்தாள், மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல. "ஆமா, ரெண்டு தடவை அமுக்கினேன். ஆனா பாப்பாவோடதை இல்ல. பெரியவனோடதைத்தான். அதை இழுத்து விரிச்சு, அந்தம்மா முகத்தைப் பார்த்துட்டுத்தான் அமுக்கினேன். அது போகல. மேல இருந்த டிரைவரோடதுதான் போச்சு. சரி, அந்த ஆளைக் காப்பகத்துலேயே வேண்டாம்னு அனுப்பிட்டாங்க போலன்னு நினைச்சேன். அதனாலதான் கீழ இருந்ததை மறுபடி..."

"பதிவுல அப்படி இல்லையே அண்ணி," என்றாள் மணி.

அண்ணி சின்னவளின் நெற்றித் துணியை எடுத்து நனைக்கப் போனாள். மணி அங்கேயே உட்கார்ந்து புகாருக்குப் பதில் எழுதினாள். பதிவுகள் சரியாக உள்ளன. பயனர் தவறு. புகாரை மூடினாள். அண்ணன் கேட்டதால் பதிவைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவிலும் போட்டாள். சித்தப்பாக்கள், அத்தைகள், அண்ணியின் தம்பி என்று முப்பத்திரண்டு பேர் இருந்த குழு அது.

*

பத்து நாள் போனது. சின்னவள் தேறிவிட்டாள். ஆனால் எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்றாள். அண்ணி ஆஸ்பத்திரியில் கேட்டு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு இருவரையும் தானே நடத்திக் கூட்டிப்போனாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் சோதனை பார்க்கும் பெண் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு மணியின் மேசைக்கு வந்தாள். அவள் கையில் எப்போதும் மூன்று போன்கள் இருக்கும். அறிவிப்பில் வரும் படத்தை இன்னும் பெரிதாகக் காட்டச் சொல்லி ஒரு வேலை வந்திருந்தது. பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட வேண்டும் என்பதற்காக ஒரே போனுக்கு இரண்டு அறிவிப்புகளை அனுப்பியிருந்தாள். ஒன்றில் பூனைப் படம். இன்னொன்றில் அலுவலக நாற்காலி.

"மணிக்கா, ஒரு வேடிக்கை பாரு. கீழ இருக்கற பூனையை அமுக்கினா மேல இருக்கற நாற்காலி போகுது."

மணி அந்தப் போனை வாங்கினாள். இரண்டு அறிவிப்புகளை மறுபடி அனுப்பச் சொன்னாள். கீழே இருந்த பூனையை இழுத்து விரித்தாள். அனுப்பலாம் என்பதை அமுக்கினாள். நாற்காலி மறைந்தது. பூனை அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடினால் தான் எழுதிய நிரலின் அந்த வரி தெரிந்தது. அறிவிப்பில் ஒரு பொத்தானை வைக்கும்போது, அமுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி உறையில் போட்டுப் போனிடம் கொடுத்துவைக்க வேண்டும். அமுக்குகிற நேரத்தில் போன் அந்த உறையைப் பிரித்துச் சொன்னதைச் செய்யும். புதிதாக ஓர் உறை வரும்போது போன் வெளிப்புறத்தை மட்டும்தான் பார்க்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்காது. வெளியே உள்ள எண்ணும் விவரமும் பழைய உறையைப் போலவே இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடும். பழைய உறையில் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுக் காகிதத்தை வைத்துவிடும். அதனால்தான் ஒவ்வோர் உறைக்கும் வெளியே வேறு வேறு எண் போட வேண்டும். மணி எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டிருந்தாள். பிள்ளை யார் என்பது உள்ளே மட்டும்தான் இருந்தது.

ஆகவே சின்னவளின் அறிவிப்பு வந்த அந்த நொடியிலேயே, கீழே இருந்த பெரியவனின் பொத்தானுக்குள் சின்னவளின் காகிதம் போய் உட்கார்ந்துகொண்டது. திரையில் பெரியவனின் பெயர், தோழனின் அம்மாவுடைய முகம். உள்ளே சின்னவள், அந்த ஓட்டுநர். அமுக்கியதும் எந்த அறிவிப்பை மறைக்க வேண்டும் என்பதும் அதே காகிதத்தில்தான் எழுதியிருந்தது. அதனால் மேலே இருந்தது போனது. இரண்டாம் முறை அமுக்கியபோதும் அதே காகிதம்தான்.

அண்ணி சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் உண்மை.

"ஆனா மேல தட்டினா சரியாத் திறக்குது," என்றாள் சோதனைக்காரி. "பூனையைத் தட்டினா பூனைப் பக்கம், நாற்காலியைத் தட்டினா நாற்காலிப் பக்கம். பட்டன் மட்டும்தான் கோக்குமாக்கு."

அதுவும் மணிக்குத் தெரிந்ததுதான். தட்டினால் திறக்கும் பக்கத்துக்கு மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி முகவரி உண்டு. அந்த முகவரி உறையின் வெளியிலேயே இருக்கும், குழம்ப வழியில்லை. சோதிக்கிறவர்கள் எப்போதும் ஒரே ஓர் அறிவிப்பை அனுப்பி, அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று போட்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், அடுத்தடுத்த நிமிடத்தில், புது ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

"என்னன்னு போடட்டும்? தோற்றப் பிழைன்னு போடவா? தப்பானது மறையுது, அவ்வளவுதானே?"

மறைவது மட்டும்தான் தவறு என்று சோதனைக்காரி நினைத்துக்கொண்டிருந்தாள். பதில் யார் பெயரில் போகிறது என்று அவள் பார்த்திருக்கவில்லை. அந்த இடத்தில் மணி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

"அப்படியே போடு," என்றாள் மணி.

சரிசெய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பூஜ்யம் இருந்த இடத்தில் அறிவிப்பின் தனி எண்ணை வைத்தாள். உறைக்கு வெளியே பிள்ளையின் முகவரியையும் எழுதினாள். செவ்வாய் மதியம் புதுப் பதிப்பு வெளியே போனது. அதனுடன் போகும் குறிப்பை எழுதியதும் அவள்தான். சிறு பிழைகள் திருத்தப்பட்டுள்ளன.

அன்று மாலை அலுவலகக் குழுத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னாள். முழுதாகச் சொல்லவில்லை. ஒரு காப்பகத்தில் இதனால் ஒரு பதில் மாறிப் போயிருக்கலாம் என்றாள்.

"திருத்தியாச்சுல்ல?" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆச்சு."

"புகார் திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"மூடியாச்சு."

"அப்புறம் எதுக்கு மணி, தூங்கறதைத் தட்டி எழுப்பிக்கிட்டு?"

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு வேண்டிய பதிலை அவர் கொடுத்தார், அவ்வளவுதான். அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளத்தானே பாதியை மட்டும் சொன்னோம் என்பது பேருந்தில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு உறைத்தது.

செவ்வாயும் புதனும் அவள் வீட்டில் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லாமல் இருக்க ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது. அண்ணன் இருக்கிறான், அவன் முன்னால் வேண்டாம். அம்மா இருக்கிறாள், ஊதிப் பெரிதாக்கிவிடுவாள். அண்ணி களைத்து வந்திருக்கிறாள், சாப்பிடட்டும். காரணங்கள் எல்லாம் பிறர்மேல் உள்ள அக்கறை மாதிரியே உடுத்திக்கொண்டு வந்தன. புதன் மாலை அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது மணி அறை வாசல் வரைக்கும் போனாள்.

"என்ன மணி?"

"ஒண்ணுமில்ல. சாவியைப் பார்த்தீங்களா?"

"ஆணியில இருக்கு."

அவள் திரும்பி வந்துவிட்டாள்.

*

வியாழன் மாலை அடுக்களையில் அம்மாவும் அண்ணியும் பேசிக்கொண்டிருந்தது மணியின் காதில் விழுந்தது.

"ஏம்மா, கவுண்டரை விட்டுட்டு யாராவது கிடங்குக்குப் போவாங்களா? பதினோரு வருஷம் நின்ன இடம்."

"நானாத்தான் கேட்டேன் அத்தை. மருந்து எடுத்துக் கொடுக்கற வேலை வேண்டாம், பெட்டி எண்ணற வேலை போதும்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"எதுக்கு?"

கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"என் பொண்ணு விஷயத்துலயே, முகத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கியும் கை மாறிப் போச்சு. ரெண்டு தடவை. அதுவும் நான் சரியா அமுக்கினதா என் கண்ணுக்கு இன்னும் தெரியுது. கண்ணு ஒண்ணு சொல்லி கை ஒண்ணு செஞ்சா எப்படி அத்தை? நாளைக்கு யாருக்காவது மாத்தி மருந்தைக் கொடுத்துட்டு, சரியாத்தான் கொடுத்தேன்னு நிப்பேன். போன வாரம் ஒரு சீட்டை ஏழு தடவை படிச்சேன். பின்னாடி நின்ன ஆளு, இது என்ன பாடப்புத்தகமான்னு கேக்கறாரு."

மணி அங்கேயே நின்றாள். அண்ணி தன்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டாள் என்பதுதான் இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தன் கண்ணையே நம்புவதை விட்டுவிட்டாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. அந்த நம்பிக்கையைப் பறித்தது அந்தப் பூஜ்யம்கூட இல்லை. "பதிவுல அப்படி இல்லையே அண்ணி" என்ற அந்த மிருதுவான குரல்தான்.

தன் அறைக்குப் போய், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த சோதனைப் போனை எடுத்தாள். அதில் பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருந்தாள். எதற்கு வைத்திருக்கிறோம் என்று தன்னிடமே அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மடிக்கணினியிலிருந்து இரண்டு அறிவிப்புகளை அனுப்பினாள். முதலில் பூனை, பிறகு நாற்காலி. போனை அடுக்களை மேடையில் வைத்தாள்.

"அண்ணி, கீழ இருக்கற பூனையை விரிச்சு, அனுப்பலாம்னு அமுக்குங்க."

"எதுக்கு?"

"அமுக்குங்களேன்."

அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விரலை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். "நீயே அமுக்கு. நான் வேற எதையாவது தொட்டுடுவேன்."

"இல்ல. நீங்கதான் அமுக்கணும்."

அண்ணி குனிந்தாள். பூனையைப் படித்தாள், நாற்காலியைப் படித்தாள், மறுபடி பூனையைப் படித்தாள். மெதுவாக, பொத்தானின் நடுவில், அமுக்கினாள்.

நாற்காலி மறைந்தது.

அண்ணி விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு மறுபடியும் அமுக்கினாள். பூனை நகரவில்லை.

"நான் எழுதினதுலதான் தப்பு அண்ணி," என்றாள் மணி. "அன்னிக்கு நீங்க பெரியவனோடதைத்தான் அமுக்கினீங்க. ரெண்டு தடவையும். உள்ள பாப்பாவோட பேர் மாறி உட்கார்ந்திருந்தது. பதிவுல வந்து சேர்ந்தது மட்டும்தான் தெரியும். நீங்க எதை அமுக்கினீங்கன்னு அதுக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்துட்டு..."

பாதியில் நிறுத்திவிட்டுப் போனை அணைத்தாள்.

"அதானே பார்த்தேன்," என்றாள் அம்மா. "நான் அப்பவே சொன்னேன், போன்ல வர்றதையெல்லாம் நம்பாதீங்கன்னு."

அம்மா அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. லிப்டா என்றுதான் கேட்டாள். வேறு ஒரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள்.

அண்ணி அழுவாள் என்று மணி எதிர்பார்த்தாள். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தாள். இரண்டில் எது வந்தாலும் கொஞ்சம் இறக்கி வைத்த மாதிரி இருக்கும். அண்ணி அடுப்பை அணைத்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்பதும் மணிக்குத் தெரிந்துதான் இருந்தது. இன்று காலைதான் என்று சொல்லலாம். யாரும் பதிவைத் தேடிப் போகப்போவதில்லை. அந்தப் பொய் நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது.

"திங்கக்கிழமை."

அண்ணி விரலை மடக்கி எண்ணினாள். அவசரமில்லாமல், மாத்திரை எண்ணுவதுபோல. திங்கள், செவ்வாய், புதன்.

"நான் லெட்டர் கொடுத்தது நேத்து மத்தியானம்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மணிக்கு நிற்கிற தரை விலகினால் தேவலாம் என்றிருந்தது. புதன் மாலை அந்த வாசலில் நின்று சாவியைக் கேட்டபோது லெட்டர் போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் அது எழுதப்பட்டே இருக்காது.

அண்ணன் வந்ததும் உறை, எண் எல்லாவற்றையும் அவனிடமும் அவளே விளக்கிச் சொன்னாள். அண்ணி பக்கத்தில் நின்றாள், ஆனால் உதவிக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. அண்ணன் முழுதும் கேட்டான். ஒரு பட்டனை ஒழுங்காக அமுக்கத் தெரியவில்லை என்று தான் சொன்னதும், அதற்குப் பிறகு இத்தனை நாளும் பேசாமல் இருந்ததும் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனதை மணி பார்த்தாள். அவன் மனைவியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி, "சாப்பிடுங்க, ஆறிடும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மணி குடும்பக் குழுவில் எழுதினாள். நாலைந்து முறை எழுதி அழித்தாள். தொழில்நுட்பக் கோளாறு என்று முதலில் எழுதினாள், அது யார் மேலும் படாமல் நழுவியது. கடைசியில் இப்படி எழுதினாள்: அன்றைக்கு அண்ணி சரியாகத்தான் அமுக்கினார். நான் எழுதிய நிரலில் தவறு. அண்ணி சொன்னதை நான் நம்பவில்லை. எனக்கு உண்மை தெரிந்த பிறகும் மூன்று நாள் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தின் மேல் விரல் நெடுநேரம் நின்றது. அதை எடுத்துவிட்டால் படிக்கிறவர்களுக்கு நேர்மையான ஒரு தங்கை கிடைப்பாள். அவள் அதை விட்டுவைத்தாள்.

முப்பத்திரண்டு பேரில் பலரும் உடனே பார்த்தார்கள். பிறகு அண்ணியின் தம்பி ஒரே ஒரு வார்த்தை எழுதினான். நல்லது.

*

வெள்ளிக்கிழமை காலை மணி அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னாள். அதற்கு முன், மூடிய புகாரைத் திறந்து, பயனர் தவறு என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். சோதனைக்காரி போட்டிருந்த தோற்றப் பிழையையும் மாற்றி எழுதினாள். அண்ணியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியபோது அலுவலகக் குழுத் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்றாள்.

மருந்தகத்தின் முன்னால் நீண்ட வரிசை. அண்ணி பக்கவாட்டுக் கதவின் பக்கம் போனாள்.

"உள்ள தலைமை மருந்தாளர் இருப்பாங்க. அவங்ககிட்ட உறை, எண்ணுன்னு எல்லாம் சொல்லாத. யார் தப்புன்னு மட்டும் சொல்லு."

தலைமை மருந்தாளர் கண்ணாடியை மூக்கின் நுனியில் மாட்டிய ஒரு பெண்மணி. கவுண்டரிலிருந்து எழுந்து வர முடியாது என்று சைகை காட்டினார். அதனால் மணி வரிசைக்கு முன்னாலேயே, கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகப் பேச வேண்டியதாயிற்று. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க சீட்டு?"

"சீட்டு இல்லைங்க. இவங்க கவுண்டர் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாங்கல்ல, அதைப் பத்தி. நான் இவங்க நாத்தனார். அந்தச் செயலியில இவங்க சரியான பொத்தானைத்தான் அமுக்கினாங்க. அதை எழுதினது நான். நான் எழுதினதுதான் தப்பு. இவங்க கை மாறல."

மருந்தாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"நேத்தே மேல அனுப்பிட்டேனே. கையெழுத்தும் ஆயிடுச்சு. அந்த இடத்துக்கு ஆளும் போட்டாச்சு," என்றார். "முந்தாநேத்து வந்திருந்தா என் மேசையிலேயே கிழிச்சிருப்பேன். இனிமே மறுபடி எழுதிக் கொடுக்கணும். அடுத்த இடமாற்றப் பட்டியல் மூணு மாசம் கழிச்சுத்தான்."

"சரிங்க," என்றாள் அண்ணி.

"எழுதுங்க. நான் சேர்த்து எழுதறேன்." மருந்தாளர் மணியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போங்க. வாயால சொன்னா மேல இருக்கறவங்களுக்குப் புரியாது."

ஒரு தாள் கொடுத்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு, சுவரோரத் திண்டில் வைத்து மணி எழுதினாள். அண்ணி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தாள். முடித்ததும் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தாள்.

"தேதி போடல," என்றாள்.

மணி தேதி போட்டாள்.

"மூணு மாசம் அண்ணி," என்றாள். "என்னால."

"ஆமா," என்றாள் அண்ணி. தாளை இரண்டாக மடித்தாள். "உன்மேல கோபம் இருக்கு மணி. அது எப்பப் போகும்னு தெரியல. போனா சொல்றேன், நீ கேட்டுக்கிட்டே இருக்காத."

கிடங்குக்குப் போகும் நடைவழியில் அவள் நடந்தாள். பாதி வழியில், தரையில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு முன்னால் நின்று, ஒரு பெட்டியைத் தூக்கி, அதன்மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். ஒரே ஒரு முறை. பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குக் கை நீட்டினாள்.